ரிம் ஓரத்தில் காற்று கசியும் புல்வெட்டி வண்டி டயர்: சீலன்ட் எந்த இடத்துக்குப் போக வேண்டும்?

கேள்வி: அரியாங்குப்பம் பக்கத்தில் ஒரு தோட்ட விடுதியில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன் ஐயா. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியின் முன்பக்க இடது சக்கரத்தில் காற்று நிற்பதே இல்லை. திங்கட்கிழமை அடித்தால் வியாழக்கிழமை பாதி இறங்கிவிடுகிறது. பஞ்சர் கடையில் டயரில் ஓட்டை இல்லை, ரிம் ஓரத்தில்தான் லீக் என்கிறார்கள். சீலன்ட் ஒரு பாட்டில் ஊற்றினேன், ஒரு வாரம் தாங்கியது, பிறகு பழையபடிதான். இன்னொரு பாட்டில் ஊற்றலாமா, டியூப் போடலாமா, டயரையே மாற்றிவிடலாமா?

பதில்:

இன்னொரு பாட்டில் ஊற்ற வேண்டாம். டயரையும் இப்போதைக்கு மாற்ற வேண்டியதில்லை. சீலன்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. நீங்கள் ஊற்றியது வால்வு வழியாக உள்ளே விடுகிற குழம்பு போன்ற திரவம். உங்கள் சக்கரத்துக்குத் தேவைப்படுவது, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பெயர்த்து, இரண்டும் தொடும் இடத்தில் தூரிகையால் பூசுகிற கறுப்புப் பசை. டயர்க் கடைகளில் இதைப் பீட் சீலர் என்று கேட்டு வாங்கலாம். ஆனால் பசையைவிட முக்கியமானது, அதைப் பூசுவதற்கு முன் ரிம்மில் செய்ய வேண்டிய வேலை. அதை விட்டுவிட்டு எதைப் பூசினாலும் இரண்டு மாதத்தில் மீண்டும் காற்றடிக்க வேண்டியிருக்கும்.

பீட் என்பது டயரின் உள்விளிம்பு. அதற்குள் எஃகுக் கம்பி வளையம் இருப்பதால்தான் அது விரியாமல் ரிம்மைப் பற்றிக்கொள்கிறது. டியூப் இல்லாத டயரில் காற்றை உள்ளே நிறுத்துவது, இந்த ரப்பர் விளிம்பு ரிம்மின் மேல் அழுந்தி உட்காருவது ஒன்றுதான். அப்படி அழுத்தித் தள்ளுவதும் உள்ளே இருக்கும் காற்றேதான். கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று இருப்பதால் விளிம்பு பலமாக அழுந்துகிறது. புல்வெட்டி வண்டியின் முன் டயருக்குப் பெரும்பாலும் 14 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 10 பிஎஸ்ஐ என்ற அளவில்தான் காற்று வைக்கச் சொல்வார்கள். அதற்குமேல் வைத்தால் வண்டி புல்தரையை அமுக்கித் தடம் பதித்துவிடும். ஆகவே கார் ரிம்மில் பெரிதாகத் தெரியாத ஒரு துருப்பொருக்கு, இந்தச் சிறிய சக்கரத்தில் மூன்று நாளில் பாதிக் காற்றை வெளியே விட்டுவிடும். போதாததற்கு, வண்டி திரும்பும் ஒவ்வொரு முறையும் முன் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. காற்று ஏற்கெனவே குறைந்திருந்தால் அந்த இழுப்பில் விளிம்பு ரிம்மிலிருந்து சற்றே விலகி, மணலையும் புல் துணுக்கையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது.

நம் கடற்கரைப் பகுதியில் இந்தக் கோளாறு அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ரிம்கள் தகட்டை அழுத்தி எடுத்த இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பற்றவைத்தவை. மேலே இருப்பது மெல்லிய வண்ணப்பூச்சு. வெட்டிய ஈரப்புல் ரிம்மின் உள்பக்கக் குழியில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். அதன்மேல் உப்புக்காற்றும், பல இடங்களில் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரும் சேரும்போது, டயரின் விளிம்பு உரசிப் பூச்சைத் தேய்த்த அதே வளையத்தில் துரு தொடங்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், அது உப்பி எழுந்து ரப்பரை மெல்ல மேலே தூக்கிவிடுகிறது. வெளிப்பக்கத்தைவிட, வண்டியின் அடியை நோக்கியிருக்கும் உள்பக்கத்தில்தான் இதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பஞ்சர் கடையில் சொன்னதை நீங்களே ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிடுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுங்கள். முன் சக்கரத்தை அச்சில் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே இருக்கும் சிறிய கிளிப்பும் ஒரு வாஷரும்தான். கிளிப் தெறித்துப் புல்லில் விழாமல் கையால் மறைத்துக்கொண்டு நெம்புங்கள். கழற்றிய சக்கரத்தில் 20 பிஎஸ்ஐ வரை காற்றடியுங்கள்; டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அளவோடு நிறுத்திவிடுங்கள். பிறகு சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் சோப்புத் தண்ணீரை வட்டமாக ஊற்றி, ஐந்து நிமிடம் கையை வைக்காமல் பாருங்கள். விளிம்புக் கசிவில் பெரிய குமிழி வராது. ஓரிடத்தில் மட்டும் கடுகளவுக் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளை நுரையாக மெதுவாக எழும்பும். அந்த இடத்தைச் சாக்பீஸால் டயரிலும் ரிம்மிலும் குறித்துவிட்டு, புரட்டிப் போட்டு மறுபக்கத்தையும் பாருங்கள்.

இதே நேரத்தில் வால்வையும் சோதிக்கத் தவறாதீர்கள். அதன் அடிப்பகுதியில் சோப்புத் தண்ணீர் விட்டு, விரலால் நாலா பக்கமும் வளைத்துப் பாருங்கள். வெயிலில் வெடித்த ரப்பர் வால்வு, நிமிர்ந்து நிற்கும்போது காற்றை விடாது. வளைத்தால் மட்டும் விடும். இது பலமுறை ரிம் கசிவாகத் தவறாகக் கணிக்கப்படுகிறது. ரிம்மின் நடுவில் ஓடும் பற்றவைப்புக் கோட்டிலும் சில சமயம் நுரை வரும்.

நீங்கள் ஊற்றிய திரவம் ஏன் ஒரு வாரத்துக்குமேல் தாங்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதில் நுண்ணிய நார்களும் ரப்பர் துகள்களும் மிதக்கின்றன. துளை வழியாக வெளியேறும் காற்று அவற்றை இழுத்துக்கொண்டுபோய்த் துளையிலேயே அடைத்துவிடுகிறது. இதற்குத் திரவம் முதலில் அந்த இடத்தைச் சென்றடைய வேண்டும். சக்கரம் சுழலும்போது திரவம் வெளிப்புறமாக, அதாவது தரையைத் தொடும் பரப்பின் பக்கம்தான் தள்ளப்படுகிறது. விளிம்போ மையத்துக்கு அருகில் இருக்கிறது. வண்டி புல்வெட்டும் நடைவேகத்தில் அந்தத் தள்ளலும் போதாமல், திரவம் டயரின் அடியில் குட்டையாகத் தேங்கிக் கிடக்கும். அப்படியே கொஞ்சம் விளிம்பில் ஏறினாலும், அங்கே இருப்பது ஒரு ஊசித்துளை அல்ல. விரல் நீளத்துக்கு ஓடும் மெல்லிய இடுக்கு. அது வண்டி திரும்பும்போதெல்லாம் அசைகிறது. நார் அடைத்த அடைப்பு அந்த அசைவில் உதிர்ந்துவிடுகிறது.

கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு கல்வி வளாகத்தின் மைதான வண்டிக்கு நான் செய்த வேலை உங்களுடையதைப் போன்றதே. அதுவும் முன் இடது சக்கரம், 15×6.00-6 அளவு. முதலில் யாரும் டயரைப் பார்க்கவில்லை. வெட்டிய புல் ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் படிக்கட்டுபோல் தெரிகிறது, பிளேடு வளைந்துவிட்டது என்றுதான் அழைத்தார்கள். பிளேடு நேராகவே இருந்தது. அளந்து பார்த்தால் வலது டயரில் 14 பிஎஸ்ஐ, இடது டயரில் 6 பிஎஸ்ஐ. டயர் அமுங்கியதால் வண்டியின் முன்பக்கம் இடப்புறம் சாய்ந்து, வெட்டும் தட்டும் அதனோடு தாழ்ந்திருந்தது. அதற்கு முன்பே இரண்டு முறை திரவ சீலன்ட் ஊற்றியிருந்தார்கள். விளிம்பைப் பெயர்த்ததும் பச்சைக் குழம்பு ஏறத்தாழ முழுவதும் அடியில் அப்படியே நின்றது. சாக்பீஸ் குறி இருந்த இடத்தில், உள்பக்க ரிம்மில், ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு துருப்பொருக்கு. நகத்தால் நெம்பியபோது வறுத்த அப்பளத்தைப்போல் அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. அதற்கு நேராக இருந்த ரப்பரில் துருவின் செம்பழுப்புக் கறையும் இரண்டு மணல் துகள்களும் பதிந்திருந்தன. அவ்வளவுதான் கோளாறு.

அதைச் சரிசெய்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் விட்டுவிட வேண்டும். காற்று இருக்கும்போது விளிம்பைப் பெயர்க்க முயலக் கூடாது. பஞ்சர் கடையில் டயர் பெயர்க்கும் எந்திரம் இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் சக்கரத்தைப் படுக்கவைத்து, ரிம்மை ஒட்டி டயரின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் ஏறி மிதித்தபடி சுற்றி வந்தால் விளிம்பு இறங்கிவிடும். பிடிவாதம் பிடித்தால் பெரிய ஜி கிளாம்ப் போட்டு நெருக்கலாம். கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் குத்தி நெம்பினால் விளிம்பின் ரப்பர் கிழிந்துவிடும்; பிறகு எந்தப் பசையாலும் அதை மீட்க முடியாது. கசிவு ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் டயரை முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து விளிம்பை இறக்கி, இரண்டு மூன்று இடத்தில் மரத்துண்டுகளைச் செருகி, விளிம்பு உட்காரும் இடமான ரிம்மின் இருக்கைப் பகுதி தெரியும்படி விலக்கி வைத்தால் போதும்.

உங்கள் டயரில் ஏற்கெனவே திரவம் இருப்பதால், அதை வழித்தெடுத்து, உள்ளேயும் விளிம்பிலும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து முழுவதும் காயவிடுங்கள். அந்தக் குழம்பு துளியளவு படிந்திருந்தாலும் பசை பிடிக்காது. வழித்ததைத் தரையில் கொட்டிவிடாதீர்கள்; சில வகைகளில் எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும், அது இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கிவிடும், அவற்றுக்கு அது கொடிய நஞ்சு. மூடியுள்ள டப்பாவில் அடைத்து அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது ரிம். கம்பித் தூரிகையால் பொருக்கை உதிர்த்துவிட்டு, 80 எண் உப்புத்தாளால் அந்த வளையம் முழுவதையும் சுற்றித் தேயுங்கள்; கசிந்த இடத்தை மட்டும் தேய்த்தால் அடுத்த கசிவு நான்கு விரல் தள்ளி வரும். கண்ணால் பார்ப்பதைவிட விரல் நுனியால் தடவிப் பார்ப்பதே நம்பத்தக்கது: மேடு எதுவும் தட்டுப்படக் கூடாது, சிறு குழிகள் இருந்தால் பாதகமில்லை. பசை குழியை நிரப்பும். மேட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பளபளவென்று இரும்பு தெரியும் இடங்களுக்குத் துருத்தடுப்பு பிரைமர் ஒரு மெல்லிய பூச்சாகக் கொடுத்து, ஒரு நாள் காயவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுவது உத்தமம். அவசரப்பட்டு ஈரப் பிரைமரின் மேல் டயரை உட்காரவைத்தால் பூச்சு ரப்பரோடு ஒட்டி உரிந்து வந்துவிடும். கடலூர் வண்டியில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்த ஒரு கட்டத்தில்தான். தேய்க்க மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. டயரின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, பதிந்த மணலை எடுத்துவிட்டால் போதும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைத்தால் ரப்பர் உப்பிவிடும்.

இப்போது பீட் சீலர். டப்பாவை நன்றாகக் கலக்கிவிட்டு, ரிம்மின் இருக்கையிலும் டயரின் விளிம்பிலும் மெல்லிய சீரான பூச்சாகச் சுற்றிப் பூசுங்கள். அடைபோல் அப்ப வேண்டாம். மிஞ்சியது பிதுங்கி உள்ளே கட்டியாகக் கிடப்பதைத் தவிர வேறு பயனில்லை. டப்பாவில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, முழுவதும் உலர்வதற்கு முன்பே டயரை உட்காரவைத்துவிட வேண்டும்; ஈரமாக இருக்கும் பசையே வழுக்கலாகவும் உதவும், தனியாகச் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டாம். இதில் உள்ள கரைப்பான் எளிதில் தீப்பற்றும் என்பதால், பக்கத்தில் பீடியோ வெல்டிங்கோ இல்லாத திறந்த இடத்தில் பூசுங்கள்.

பீட் சீலருக்குப் பதிலாகப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது காய்ந்து மெல்லிய ஏடாகிவிடும், குழியை நிரப்பாது; பீட் சீலரோ காய்ந்த பிறகும் ரப்பர்போல் இளக்கமாக இருந்து, டயர் அசையும்போது கூடவே அசைந்து கொடுக்கும். கிரீஸும் கூடாது, அது ரப்பரைக் கெடுக்கும். கட்டுமான வேலைக்கான ஒட்டுப்பசைகளைப் போட்டவர்களின் டயரை அடுத்த முறை நான் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க நேர்ந்தது.

டயரை மீண்டும் உட்காரவைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிறிய டயர்களின் பக்கச் சுவர் தளர்வாக இருப்பதால், காற்றை விடவிட அது இடுக்கு வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். டயரின் வெளிச்சுற்றின் நடுவில் சரக்குக் கட்டும் ராட்செட் பட்டையைச் சுற்றி இறுக்குங்கள். கயிற்றைக் கட்டி ஒரு கம்பால் முறுக்கினாலும் சரிதான். நடுப்பகுதி அமுங்கும்போது இரு விளிம்புகளும் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். வால்வு ஊசியைப் போடாமலேயே பெரிய கம்ப்ரஸரிலிருந்து காற்றை விட்டால் ஒரே மூச்சில் நிறையும். காரில் வைத்துக்கொள்ளும் சிறிய மோட்டாரால் பெரும்பாலும் முடியாது. காற்று நிற்கத் தொடங்கியதும் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். விளிம்பு ஏறி உட்காரும்போது 'டப்' என்று ஒலி கேட்கும். அந்த ஒலிக்காகக் காத்திருந்து காற்றை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. பக்கச் சுவரில் எழுதிய உச்ச அளவை எட்டியும் உட்காரவில்லை என்றால், காற்றை விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். முகத்தையும் கையையும் சக்கரத்துக்கு நேராக வைக்க வேண்டாம். தீப்பற்றும் ஸ்பிரேயை உள்ளே அடித்துக் கொளுத்தி டயரை ஏற்றும் வேடிக்கையைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். ஈரப் பசை பூசிய டயரில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

டயர் சரியாக உட்கார்ந்ததா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. விளிம்பை ஒட்டிப் பக்கச் சுவரில் ஒரு மெல்லிய வளையக் கோடு வார்த்திருப்பார்கள். அது ரிம்மின் ஓரத்திலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் உள்ளே புதைந்திருந்தால் அங்கே விளிம்பு ஏறவில்லை என்று பொருள். பிறகு ஊசியைப் போட்டு, 14 பிஎஸ்ஐக்கு இறக்கி, பசை இறுகுவதற்கு ஓர் இரவு விட்டு, காலையில் சோப்புத் தண்ணீர் சோதனையை மீண்டும் செய்யுங்கள். கடலூர் சக்கரத்தில் நுரை எழவில்லை; ஒரு வாரம் கழித்து 14 குறையாமல் இருந்தது, ஒரு மாதத்தில் 13. அந்த அளவு இறக்கம் எந்த டயரிலும் இருக்கக்கூடியதே.

இந்த முறை பயன்படாத இடங்களும் உண்டு. ரிம்மின் ஓரம் துருவால் தகடாக மெலிந்து விரலால் வளைகிறது, அல்லது நடைபாதைக் கல்லில் மோதி நெளிந்திருக்கிறது என்றால் ரிம்மை மாற்ற வேண்டும். விளிம்பில் உள்ள கம்பி வெளியே தெரிந்தாலோ, பக்கச் சுவரில் வெடிப்பு நூல் தெரியும் அளவுக்கு ஆழமாக இருந்தாலோ டயரை மாற்ற வேண்டும். டியூப் போடுவது, ரிம் மோசமாகவும் புது ரிம் கிடைக்காமலும் இருக்கும்போது ஏற்கத்தக்க வழி, 15×6.00-6 அளவுக்கென்றே டியூப் உண்டு. ஆனால் நம் பக்கத்து வேலிக்கருவை முள்ளுக்கு டியூப் உடனே காற்றை விட்டுவிடும். ரிம்மின் துருவைத் தேய்க்காமல் டியூப் போட்டால் அந்தப் பொருக்கே டியூபை அறுத்துவிடும். ஆகவே தேய்க்கும் வேலை எப்படியும் தப்பாது.

நீங்கள் முதலில் ஊற்றிய திரவத்துக்கும் உரிய இடம் இருக்கிறது. வேலிக்கருவை முள் தைத்த ஊசித்துளைகளுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். விளிம்பைச் சரிசெய்து ஒரு மாதம் காற்று நின்ற பிறகு, விடுதித் தோட்டத்தில் முள் அதிகம் என்றால், பாட்டிலில் டயர் அளவுக்கேற்பக் குறித்துள்ள அளவை ஊற்றிக்கொள்ளலாம். ஊற்றிய பின் காற்று அளக்கும்போது வால்வு மேலே வரும்படி சக்கரத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்; கீழே இருந்தால் குழம்பு வால்வையும் அளவுமானியையும் அடைத்துவிடும். நம் வெயிலில் அது உள்ளேயே உலர்ந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பீட் சீலர் டப்பாவைத் திறந்த பிறகு கரைப்பான் ஆவியாகி அது மெல்லக் கெட்டியாகிவிடும். எனவே இடது சக்கரத்துக்குத் திறக்கும் அன்றே வலது சக்கரத்தையும் கழற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். ஒரே ரிம், ஒரே உப்புக்காற்று, ஒரே ஈரப்புல் என்பதால் அங்கேயும் துரு தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பின் சக்கரத்தையும் கழற்ற நேர்ந்தால், அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சாவி எனப்படும் சிறிய சதுர இரும்புத் துண்டு ஒன்று இருக்கும். அது கழன்று விழுவது தெரியாமல் சக்கரத்தை மாட்டிவிட்டால், அச்சு சுழலும், சக்கரம் சுழலாது. அதனால் கழற்றும்போதே அதைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.